நிவாரணக் கச்சேரிகளும் நிவாரணப் பாட்டுகளும்: பணம் வந்த வழி, மாட்டிக்கொண்ட இடம்

ராக் கச்சேரி வைத்து நிவாரண நிதி திரட்டுவதை ஆரம்பித்தது யார்?

பாடகர்கள் தர்ம காரியத்துக்காக மேடை ஏறுவது பழைய வழக்கம்தான். ஆனால் பெரிய ராக் நட்சத்திரங்கள் ஒரே மேடையில் கூடி, அதை இசைத்தட்டாகவும் படமாகவும் விற்று, வந்த பணத்தை ஒரு நாட்டின் துயரத்துக்கு அனுப்புவது என்ற அமைப்பு 1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பிறந்தது என்று சொல்லலாம். வங்கதேசத்துக்கான கச்சேரி அது.

விதை போட்டவர் சிதார் மேதை ரவிசங்கர். அவர் குடும்பத்தின் பூர்வீகம் வங்காளம். 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசமான கிழக்குப் பாகிஸ்தானைப் பெரும்புயல் புரட்டிப் போட்டது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் ராணுவத்தின் அடக்குமுறை தொடங்கியது. கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். ஒரு கச்சேரி வைத்து 25 ஆயிரம் டாலர் போலத் திரட்டிக் கொடுக்க முடியுமா என்பதுதான் ரவிசங்கரின் யோசனை. அதைத் தன் மாணவரும் நண்பருமான பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனிடம் சொன்னார். ஹாரிசன் போனை எடுத்தார். சில வாரங்களுக்குள் பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், பில்லி பிரஸ்டன், லியோன் ரசல் எல்லோரும் சரி என்றார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது.

கச்சேரியின் முதல் பகுதி இந்துஸ்தானி இசை. ரவிசங்கரும் சரோத் கலைஞர் அலி அக்பர் கானும் வாத்தியங்களைச் சுருதி சேர்த்து முடித்ததும் அரங்கமே கைதட்டியது. அதுதான் முதல் உருப்படி என்று நினைத்துவிட்டார்கள். சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்று ரவிசங்கர் சொன்னதும், அந்தக் கைதட்டலும் இசைத்தட்டிலேயே பதிவாகி இருக்கின்றன.

அன்றைக்கு டிக்கெட்டில் மட்டும் எவ்வளவு வந்தது?

மதியம் ஒன்று, இரவு ஒன்று என இரண்டு காட்சிகள். இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 40 ஆயிரம் பேர் வந்தார்கள். ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃபுக்குப் போன காசோலை ஏறத்தாழ 2 லட்சத்து 43 ஆயிரம் டாலர். தலைக்கு ஆறு டாலர் சொச்சம்.

ரவிசங்கர் கேட்டதைப் போலப் பத்து மடங்கு. ஆனால் ஒரு கோடி அகதிகளுக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? நுழைவு வசூலின் இயல்பே அதுதான். அரங்கத்தில் எத்தனை நாற்காலியோ அதற்கு மேல் ஒரு காசு வராது. நம் ஊரில் கோயில் கச்சேரிக்குக் கணக்கு எழுதியவர்களுக்கு இது புரியும். கூட்டம் அலைமோதும், ஆனால் மைக் செட், பந்தல், வண்டிச் சத்தம் எல்லாம் கழித்த பிறகு உண்டியலில் மிஞ்சுவதைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும்.

அப்படியானால் பெரிய பணம் எங்கிருந்து வருகிறது?

பதிவிலிருந்து. கச்சேரி ஒரு நாளில் முடிந்துவிடும், தட்டு வருடக்கணக்கில் விற்கும். 1971 கச்சேரியை மூன்று எல்பி தட்டுகள் அடங்கிய பெட்டியாக, ஒரு படப் புத்தகத்தோடு, அந்த ஆண்டு டிசம்பரில் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் விலை 12 டாலர் 98 சென்ட். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. அடுத்த ஆண்டு திரைப்படமும் வந்தது. தட்டிலும் படத்திலுமாகச் சேர்ந்தது கோடிக் கணக்கான டாலர். நுழைவு வசூல் அதற்குப் பக்கத்தில் சில்லறை.

ஆனால் தட்டு என்று வந்தால் வியாபாரிகள் வருவார்கள். கச்சேரிக்கும் தட்டுக்கும் நாலரை மாத இடைவெளி விழுந்ததற்குக் காரணமே அதுதான். ஒவ்வொரு பாடகரும் ஒவ்வொரு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்தார்கள். டிலன் பாடியது தட்டில் இருக்க வேண்டும் என்றால் அவருடைய கொலம்பியா கம்பெனி விட்டுக்கொடுக்க வேண்டும். அவர்கள் ஒரு தட்டுக்கு 25 சென்ட்டும், வட அமெரிக்காவில் டேப் வடிவில் விற்கும் உரிமையும் வாங்கிக்கொண்டார்கள். தட்டை விநியோகிக்க வேண்டிய கேபிடல் கம்பெனியோ தன் செலவுக்கு வழி கேட்டது. அப்போது அதன் தலைவர் நம் பக்கத்துக்காரர், திருவனந்தபுரத்தில் பிறந்த பாஸ்கர் மேனன். இழுபறி பொறுக்க முடியாமல் ஹாரிசன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்து, நான் வேறு கம்பெனி வழியாகவே வெளியிட்டுவிடுவேன், வேண்டுமானால் பாஸ்கர் என் மேல் வழக்குப் போடட்டும் என்கிற பாணியில் கொட்டித் தீர்த்தார். அதன் பிறகு கேபிடல் இறங்கி வந்தது. 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு முன்பணக் காசோலையும் கொடுத்தது.

மேனனை வில்லனாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தட்டு அச்சடிக்க, பெட்டி செய்ய, லாரியில் ஏற்றி அனுப்பக் காசு ஆகத்தான் செய்யும். பாடகர் இலவசமாகப் பாடினார் என்பதால் அட்டைப்பெட்டிக்காரர் இலவசமாகச் செய்து கொடுப்பாரா? யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதை மேடை ஏறுவதற்கு முன்பே எழுதி வாங்காததுதான் கோளாறு.

பணம் பத்து வருடம் வரித்துறையில் முடங்கியது என்கிறார்களே, அது நிஜமா?

பெரும்பகுதி நிஜம். இந்தக் கதையில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான இடமும் இதுதான்.

அமெரிக்காவில் தர்மத்துக்கென்று பணம் திரட்டினால் வரி விலக்கு உண்டு. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. பணம் யாருக்குப் போகப்போகிறது என்பதைத் திரட்டுவதற்கு முன்பே முடிவு செய்து, அந்தத் தொண்டு நிறுவனத்தையே நிகழ்ச்சியின் உரிமையாளராகவோ பங்காளியாகவோ காட்டி, காகிதங்களைப் பதிவு செய்திருக்க வேண்டும். 1971ல் எல்லாம் சில வாரங்களில் நடந்தது. யுனிசெஃபை முறையாக உள்ளே கொண்டுவரும் வேலை கச்சேரிக்கு முன்னால் முடியவில்லை. தட்டின் வருமானம் பீட்டில்ஸின் ஆப்பிள் கம்பெனி வழியாக வந்தது. வரித்துறையின் கண்ணுக்கு அது ஒரு இசைக் கம்பெனியின் சாதாரண வியாபார வருமானம். பிறகு நீங்கள் யாருக்குத் தானம் கொடுத்தாலும் அது உங்கள் இஷ்டம், முதலில் வரியைக் கட்டுங்கள் என்பது அவர்கள் நிலை.

வரித்துறை ஆப்பிளின் கணக்கை எடுத்துத் தணிக்கை செய்யத் தொடங்குவதற்குள் சுமார் 20 லட்சம் டாலர் யுனிசெஃப் வழியாகப் போய்விட்டது. மீதி நின்றுவிட்டது. தணிக்கை முடிந்து, அடுத்த 88 லட்சம் டாலர் விடுபட்டபோது 1980களே பிறந்துவிட்டன. 1985 வாக்கில் மொத்தம் ஒரு கோடியே 20 லட்சம் டாலரை நெருங்கியது. நாள் கணக்கைப் பாருங்கள்: தட்டு கடைக்கு வந்தது 1971 டிசம்பர் 20. வங்கதேசப் போர் முடிந்தது டிசம்பர் 16. அகதிகள் சில மாதங்களில் ஊர் திரும்பினார்கள். எந்தக் குழந்தையின் படத்தை அட்டையில் போட்டு விற்றார்களோ, அந்தக் குழந்தை பிழைத்திருந்தால் பணம் வந்து சேரும்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும்.

பிரிட்டனில் வேறு வகைத் தலைவலி. அங்கே விற்ற ஒவ்வொரு தட்டின் விலையிலும் கொள்முதல் வரி இருந்தது. அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி ஹாரிசன் கருவூல அமைச்சர் பேட்ரிக் ஜென்கினை நேரில் பார்த்துக் கேட்டார். முடியாது என்றார்கள். கடைசியில் 1973ல் ஹாரிசன் தன் சொந்தக் கணக்கிலிருந்து 10 லட்சம் பவுண்டுக்குக் காசோலை எழுதி அந்த வரியைக் கட்டினார். தர்மம் செய்யப் போய்த் தண்டம் கட்டிய கதை.

நடுவில் மேனேஜர் காசு அடித்துவிட்டார் என்றும் படித்தேன்.

ஆப்பிளின் நிர்வாகியாக இருந்த ஆலன் கிளைன் மேல்தான் அந்தச் சந்தேகம். 1972 தொடக்கத்தில் நியூயார்க் பத்திரிகை ஒன்று, ஒரு தட்டுக்கு ஒரு டாலருக்கு மேல் கணக்கில் உதைக்கிறதே என்று எழுதியது. கிளைன் 15 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். அந்தக் குறிப்பிட்ட டாலர் அவர் பைக்குப் போனது என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் பல வருடம் கழித்து வேறொரு விஷயத்தில் மாட்டினார். வானொலிக்கும் பத்திரிகைக்கும் இலவசமாகக் கொடுக்க அச்சடிக்கும் விளம்பரப் பிரதிகளை விற்று, அந்த வருமானத்தை வரிக் கணக்கில் காட்டவில்லை என்று குற்றம் நிரூபணமாகி, 1980ல் இரண்டு மாதம் சிறையில் இருந்தார். அப்படி விற்கப்பட்ட தட்டுகளில் வங்கதேசக் கச்சேரித் தட்டும் இருந்தது.

எனக்கு இதில் உறுத்துவது ஊழலைவிட அமைப்புதான். நிதி திரட்டுபவரும், கணக்கு வைப்பவரும், கம்பெனியின் லாப நஷ்டம் பார்ப்பவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால், ஒழுங்காகச் செய்தாலும் பேர் கெட்டுத்தான் போகும்.

1984 கிறிஸ்மஸ் பாட்டு இந்தத் தப்பையெல்லாம் திருத்திக்கொண்டதா?

பாதிக்கு மேல் திருத்திக்கொண்டது. 1984 அக்டோபரில் எத்தியோப்பியாவின் கோரெம் என்ற ஊரின் முகாமிலிருந்து பிபிசியின் மைக்கேல் பியூர்க், கேமராக்காரர் முகமது அமின் இருவரும் அனுப்பிய பஞ்சச் செய்தியைப் பார்த்து அயர்லாந்துப் பாடகர் பாப் கெல்டாஃப் கிளம்பினார். மிட்ஜ் யூர் என்பவரோடு சேர்ந்து ஒரு பாட்டு எழுதினார். நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, லண்டன் நாட்டிங் ஹில்லில் ஒரு ஸ்டுடியோ 24 மணி நேரம் இலவசமாகக் கிடைத்தது. ஒரே நாளில் பதிவு. பேண்ட் எய்ட் என்ற பேரில் தட்டு டிசம்பர் முதல் வாரத்தில் கடைக்கு வந்தது.

ஒரே பாட்டுக்கான தட்டான சிங்கிளின் விலையில் யார் யார் கை வைப்பார்கள் என்பதை இங்கே யோசித்துப் பார்க்கலாம். பாடகருக்கு ஒரு பங்கு, பாட்டு எழுதியவருக்கு ஒரு பங்கு, ஸ்டுடியோ, தட்டு அச்சு, அட்டை, விநியோகம், கடைக்காரர் லாபம், கடைசியாக அரசாங்க வரி. பேண்ட் எய்ட் செய்தது, இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்து, உன் பங்கை விடு என்று கேட்டது. பாடியவர்கள் விட்டார்கள். அட்டை வரைந்தவர் பீட்டர் பிளேக், பீட்டில்ஸின் புகழ்பெற்ற அட்டை ஒன்றை வடிவமைத்தவர். அரசாங்கம் மட்டும் மதிப்புக் கூட்டு வரியை விட மாட்டேன் என்றது. அப்போது மார்கரெட் தாட்சர் பிரதமர். கெல்டாஃப் பத்திரிகைகளில் சத்தம் போட்டார். கடைசியில் வரியை வாங்கிக்கொண்டு, அதே அளவு தொகையை நிவாரணத்துக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ஹாரிசனுக்குக் கிடைக்காதது கெல்டாஃபுக்குக் கிடைத்தது.

இதைவிடப் புத்திசாலித்தனமான வேலை வேறொன்று. பாட்டின் எழுத்துரிமை வருமானத்தை பேண்ட் எய்ட் அறக்கட்டளைக்கே எழுதிவைத்தார்கள். தட்டு விற்பது நின்ற பிறகும், ஒவ்வொரு டிசம்பரிலும் வானொலியிலும் கடைத்தெருவிலும் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது ராயல்டி அறக்கட்டளைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நாற்பது வருடமாகக் காய்க்கும் மரம். பாட்டு உயர்ந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஒரு கொசுறு: அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு இரண்டாம் இடத்தில் நின்றது வாம் குழுவின் பாட்டு. அதன் பாடகர் ஜார்ஜ் மைக்கேல் பேண்ட் எய்டிலும் பாடியவர். அந்தப் பாட்டின் ராயல்டியையும் எத்தியோப்பியாவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

லைவ் எய்ட் கச்சேரியில் பணம் எந்த வழியாக வந்தது?

அதே எத்தியோப்பியப் பஞ்சத்துக்காகக் கெல்டாஃப் வைத்த கச்சேரி அது. 1985 ஜூலை 13. லண்டன் வெம்ப்ளியில் சுமார் 72 ஆயிரம் பேர், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அதைவிட அதிகம். வெம்ப்ளி டிக்கெட் 25 பவுண்ட். அதில் 5 பவுண்ட்தான் நுழைவுக் கட்டணம், 20 பவுண்ட் நன்கொடை என்று பிரித்தே அச்சடித்தார்கள். கணக்குப் போட்டால் வெம்ப்ளியில் நன்கொடைப் பங்கு 14 லட்சம் பவுண்ட் சொச்சம். கடைசியில் சேர்ந்ததோ பல கோடி. மீதியில் பெரும்பகுதி தொலைக்காட்சி பார்த்தவர்களிடமிருந்து வந்தது.

பிபிசி 300 தொலைபேசி இணைப்புகளோடு உட்கார்ந்திருந்தது. மதியத்துக்குமேல் பல மணி நேரம் ஓடியும் வசூல் மந்தம். கெல்டாஃப் ஒளிபரப்பு அறைக்குள் வந்து உட்கார்ந்தார். தொகுப்பாளர் மரியாதையாக, நன்கொடையைத் தபாலில் அனுப்ப வேண்டிய முகவரியை வாசிக்கப் போனார். கெல்டாஃப் ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்து, முகவரியை விடு, தொலைபேசி எண்ணைச் சொல் என்று நேரலையில் கத்தினார். அதன் பிறகு அழைப்புகள் குவிந்தன. கூச்சலுக்காக இந்தச் சம்பவத்தை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது அதில் உள்ள தொழில் நுணுக்கத்துக்காக. திங்கட்கிழமை காசோலை எழுதித் தபால்பெட்டியில் போடலாம் என்று நினைப்பவரில் பெரும்பாலோர் போடுவதில்லை. மனசு இளகிய அந்த நிமிஷமே போனை எடுத்து அட்டை எண்ணைச் சொல்ல வைத்தால்தான் பணம்.

மனசை இளக வைத்தது இசைகூட அல்ல. டேவிட் போவி தன் நேரத்தில் ஒரு பாட்டை விட்டுக்கொடுத்து, பஞ்சத்தில் வாடும் குழந்தைகளின் படத்துண்டு ஒன்றைப் போடச் சொன்னார். அன்றைய வசூலை மிகவும் உயர்த்திய நேரங்களில் அதுவும் ஒன்று. அதே படங்களைத்தான் பிற்பாடு, ஆப்பிரிக்கா என்றாலே ஒட்டிய வயிறும் ஈ மொய்க்கும் கண்ணும் என்று உலகம் நினைக்கக் காரணம் என்று குறை சொன்னார்கள். வசூலைக் கூட்டிய பொருளும் விமர்சனத்தைக் கொண்டுவந்த பொருளும் ஒன்றேதான்.

அந்தப் பணத்தில் கிளர்ச்சிப் படை ஆயுதம் வாங்கியதாகச் செய்தி வந்ததே?

2010ல் பிபிசி உலகச் சேவை ஒரு நிகழ்ச்சி ஒலிபரப்பியது. எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியின் முன்னாள் போராளிகள் சிலர், தாங்கள் தானிய வியாபாரிகள் வேடம் போட்டு நிவாரண அமைப்புகளிடம் பணம் பறித்ததாகச் சொன்னார்கள். மூட்டைகளுக்குள் மணல் கலந்து விற்றோம் என்றார் ஒருவர். பேண்ட் எய்ட் அறக்கட்டளை புகார் கொடுத்தது. பிபிசியின் புகார்ப் பிரிவு விசாரித்து, பேண்ட் எய்ட் பணம் அப்படித் திசை திரும்பியதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்ல, அதே ஆண்டு நவம்பரில் பிபிசி மன்னிப்புக் கேட்டது.

முதல் செய்தி உலகம் சுற்றியது. மன்னிப்பு அந்த அளவுக்குச் சுற்றவில்லை. இன்றும் வாட்ஸ்அப்பில் முதல் பாதி மட்டும்தான் வருகிறது.

அப்படியென்றால் எத்தியோப்பியாவில் எல்லாம் ஒழுங்காக நடந்ததா?

இல்லை. ஆயுதக் கதையைவிட மோசமான ஒன்று, அரசாங்கத்தின் பக்கமே நடந்தது.

தொலைக்காட்சி அதை வறட்சி என்று காட்டியது. மழை பொய்த்தது உண்மை. ஆனால் பஞ்சம் கொடியதாக இருந்த திக்ரே, வொல்லோ, எரித்திரியா பகுதிகள்தான் மெங்கிஸ்டு ஹைலெ மரியாமின் ராணுவ ஆட்சி கிளர்ச்சிக்காரர்களோடு சண்டை போட்ட பகுதிகளும். சந்தை கூடும் இடத்தில் குண்டு, தானியம் ஏற்றி வரும் வழியில் தடை, வயலுக்குப் போக முடியாத நிலைமை. பஞ்சத்தில் இறந்தவர்கள் 4 லட்சம் முதல் 10 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அதில் மழையின் பங்கு எவ்வளவு, போரின் பங்கு எவ்வளவு என்பதுதான் வாதம்.

அரசாங்கம் இதோடு நிற்கவில்லை. வடக்கில் இருக்கும் மக்களைத் தென்மேற்கே கொண்டுபோய்க் குடியமர்த்தும் திட்டத்தை எடுத்தது. கிளர்ச்சிக்காரர்களுக்குச் சோறு போடும் கிராமங்களை வெறுமையாக்குவது அதன் உள்நோக்கம் என்று பலர் சொன்னார்கள். சுமார் 6 லட்சம் பேரை லாரியிலும் விமானத்திலும் ஏற்றினார்கள். பலரை விருப்பம் கேட்காமல், குடும்பத்தைப் பிரித்து. உணவு கொடுக்கும் முகாமுக்கு வந்தவர்களைச் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். நிவாரணச் சோறு அங்கே தூண்டில் ஆனது. இதைப் பகிரங்கமாகச் சொன்ன எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுக் கிளையை 1985 இறுதியில் நாட்டை விட்டே துரத்தினார்கள். அந்த இடமாற்றத்தில் ஒரு லட்சம் பேர் வரை இறந்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 1986ல் ஸ்பின் என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை இதை விரிவாக எழுதி, லைவ் எய்டை நேரடியாகக் கேள்வி கேட்டது.

கெல்டாஃப் தரப்புக்கும் வாதம் இருந்தது. சோறு அனுப்ப வேண்டுமென்றால் துறைமுகம் யார் கையில் இருக்கிறதோ அவரோடுதான் பேச வேண்டும். வெளியேறிவிட்டால் முகாமில் இருப்பவர் சாவார். மற்றத் தொண்டு நிறுவனங்களில் பலவும் வாயை மூடிக்கொண்டு அங்கேயே இருந்தன. துறைமுகத்தில் தானியம் இருந்தும் உள்நாட்டுக்குக் கொண்டுபோக வண்டி இல்லாத நிலையில், பேண்ட் எய்ட் கப்பலும் லாரியும் ஏற்பாடு செய்தது உயிர்களைக் காப்பாற்றியது. அதையும் மறுக்க முடியாது. என் பார்வையில் குறை சோறு அனுப்பியதில் இல்லை. பதினாறு மணி நேரம் உலகத்தின் கவனம் முழுக்கக் கையில் இருந்தபோது, போர் என்ற வார்த்தையைக் கிட்டத்தட்ட உச்சரிக்காமல் விட்டதில் இருக்கிறது.

பேண்ட் எய்ட் பாட்டின் வரிகள் மேல் ஏன் அவ்வளவு கோபம்?

அது கிறிஸ்மஸ் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்கிற பாட்டு. எத்தியோப்பியாவில் நாலாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவம் அரச மதம் ஆகிவிட்டது. லண்டன்காரர்களுக்கு முன்பே தெரியும் என்று சொல்லலாம். அங்கே கிறிஸ்மஸ் ஜனவரி 7. ஆப்பிரிக்காவில் பனி பெய்யாது, ஆறு ஓடாது என்கிற வரிகளும் உண்டு. நீல நைல் புறப்படுவதே எத்தியோப்பியாவில்தான். பஞ்சத்தில் இருப்பது நீ இல்லை, அவர்கள், அதற்குக் கடவுளுக்கு நன்றி சொல் என்று ஒரு வரி. அதைப் பாட வேண்டி வந்த யூ2 குழுவின் பாடகர் போனோவுக்கே பிடிக்கவில்லை.

2014ல் எபோலாவுக்காக வரிகளை மாற்றிப் பாடியபோது, கானா வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் பாடகர் ஃபியூஸ் ஓடிஜியை அழைத்தார்கள். வரிகளைப் பார்த்துவிட்டு அவர் மறுத்துவிட்டார். 2024ல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பில், 2014ல் பாடியிருந்த எட் ஷீரனின் குரலையும் சேர்த்தார்கள். என்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன் என்று அவர் வெளிப்படையாக எழுதினார்.

அமெரிக்கர்களின் ‘வீ ஆர் த வேர்ல்ட்’ பற்றி?

அதே வழி, பெரிய அளவு. 1985 ஜனவரி 28 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விருது விழா முடிந்து எல்லா நட்சத்திரங்களும் ஊரில் இருக்கும் நேரம் பார்த்துப் பதிவு வைத்தார்கள். மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும் எழுதியது. 2 கோடிக்கு மேல் பிரதிகள் விற்று, 6 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. அதில் பத்தில் ஒரு பங்கை அமெரிக்காவிலேயே பசித்தவர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் ஒதுக்கியது நல்ல யோசனை. 2010ல் ஹைட்டி நிலநடுக்கத்துக்காக அதையே மறுபடி பாடியபோது கோரஸில் நம் ஏ.ஆர். ரஹ்மானும் நின்றார்.

கடைசியில் லாபம் பாடகர்களுக்குத்தானே?

கச்சேரிக்குப் பணம் வாங்கவில்லை. ஆனால் குயின் குழு வெம்ப்ளியில் 21 நிமிடம் வாசித்து, தளர்ந்திருந்த தன் புகழை மீட்டுக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். யூ2வும் அங்கிருந்து பெரிதாக வளர்ந்தது. உலகமே பார்க்கும் மேடையில் இலவச விளம்பரம் என்ற குத்தல் அன்றே உண்டு. சம்பாவாம்பா என்ற ஆங்கில அராஜகவாதக் குழு 1986ல் ஒரு ஆல்பமே போட்டது. பட்டினிக் குழந்தைகளின் படம் தட்டு விற்க உதவுகிறது என்பதுதான் அதன் தலைப்பு.

இதற்கு நேர்மையான பதில் கொடுத்தவர் பிங்க் ஃபிளாயிடின் டேவிட் கில்மோர். 2005ல் லைவ் 8 என்ற கச்சேரி மேடையில் பாடிய பிறகு அவர்களுடைய பழைய தொகுப்பின் விற்பனை ஒரே வாரத்தில் பதின்மடங்குக்கு மேல் எகிறியது. அந்தக் கூடுதல் விற்பனையில் தனக்கு வரும் பங்கைத் தர்மத்துக்குத் தருகிறேன், மற்றவர்களும் தரட்டும் என்றார்.

லைவ் 8ல் நிதியே திரட்டவில்லையாமே?

ஆமாம். 2005 ஜூலை 2ல் நடந்தது. பணக்கார நாடுகளின் தலைவர்கள் ஸ்காட்லாந்தில் கூடப்போகிற நேரம் பார்த்து, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள், உதவியைக் கூட்டுங்கள் என்று அழுத்தம் கொடுக்க வைத்த கச்சேரிகள். உங்கள் காசு வேண்டாம், குரல் வேண்டும் என்றார்கள். 1985ல் அரசியலைத் தொடவில்லை என்ற குறைக்கு ஒருவகையில் இது பதில். ஆனால் ஆப்பிரிக்காவுக்கான கச்சேரியில் லண்டன் மேடையில் ஆப்பிரிக்கக் கலைஞர்கள் மிகக் குறைவு. சத்தம் கிளம்பிய பிறகு, தொலைவில் கார்ன்வாலில் அவர்களுக்கென்று தனி மேடை போட்டார்கள். சிறப்புப் பந்தியில் இடம் இல்லை, பின்கட்டில் உட்காருங்கள் என்று சொன்ன மாதிரி.

இப்போது ஒரு நிவாரணப் பாட்டு வந்தால் எதைப் பார்த்து நம்புவது?

முதலில் சொற்கள். ‘லாபம் முழுவதும்’ என்பதும் ‘வருமானம் முழுவதும்’ என்பதும் வேறு வேறு. லாபம் என்றால் செலவு கழித்த பிறகு, செலவை எழுதுவது அவர்கள் கை. ‘ஒரு பகுதி’ என்று மட்டும் போட்டிருந்தால் எவ்வளவு என்று கேளுங்கள்.

அடுத்து, வாங்கப்போகும் அமைப்பின் பேர் வெளியீட்டுக்கு முன்பே சொல்லப்பட்டிருக்கிறதா, அந்த அமைப்பும் தன் தளத்தில் அதை ஒப்புக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். 1971ல் இடறியது அங்கேதான். எழுத்துரிமை யார் பேரில் என்பதும் முக்கியம். இப்போது இணையத்தில் ஒரு பாட்டை ஒரு முறை கேட்டால் வரும் காசு பைசாக் கணக்கு, அதனால் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதைவிட நேராக அந்த அமைப்புக்கே அனுப்புவது லாபம்.

அப்புறம், ஆண்டறிக்கை. ஹாரிசனின் கச்சேரித் தட்டும் படமும் விற்கும் பணம் 2005லிருந்து யுனிசெஃபில் அவர் பேரில் உள்ள ஒரு நிதிக்குப் போகிறது. 1971ல் வரைய வேண்டிய வாய்க்காலை 34 வருடம் கழித்து வெட்டினார்கள், தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.